கார்டு மெஷினுக்குப் போகும் காசு: கடை ஏற்பதா, வாடிக்கையாளர் தலையில் வைப்பதா?

ஒரு துணிக்கடையில் 1,500 ரூபாய்க்குச் சேலை எடுத்தவர் கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டுப் போகிறார். மறுநாள் கடையின் வங்கிக் கணக்கில் வந்து விழுவது 1,500 ரூபாய் அல்ல. கட்டணம் 1.9 சதவீதம் என்று ஒப்பந்தம் இருந்தால் 1,471 ரூபாய் 50 காசுதான் வரும். இடையில் குறைந்த 28 ரூபாய் 50 காசை வங்கிக்காரர்கள் எம்டிஆர் என்பார்கள். கார்டில் பணம் வாங்கும் வசதிக்காகக் கடைக்காரர் கொடுக்கும் கட்டணம் இது. வாடிக்கையாளருக்குத் தரும் பில்லிலும் இது தெரியாது, மெஷின் கக்கும் சீட்டிலும் தெரியாது. அதனால்தான் பல சிறு கடைகளில் இந்தச் செலவு எவ்வளவு என்று கேட்டால், "ரெண்டு பர்சென்ட் இருக்கும்" என்ற உத்தேசமான பதிலே கிடைக்கிறது. அந்த இரண்டு சதவீதத்தை நம்பித்தான் சில கடைகள் கார்டு என்றாலே கூடுதல் பணம் கேட்கின்றன, சில கடைகள் பேசாமல் தாங்கிக்கொள்கின்றன. எது சரி என்பதைக் கடையின் சொந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அந்த 28 ரூபாய் 50 காசு ஒரே இடத்துக்குப் போவதில்லை. பெரும்பங்கு வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. ஒரு சிறு பங்கு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புக்குப் போகிறது. மிச்சம் கடைக்கு மெஷின் கொடுத்த வங்கிக்கோ நிறுவனத்துக்கோ நிற்கிறது. கடைக்காரர் பேரம் பேசிக் குறைக்கக்கூடியது இந்தக் கடைசிப் பங்கில் மட்டும்தான். கிரெடிட் கார்டுக்குக் கட்டணம் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் இந்தப் பிரிப்பிலேயே இருக்கிறது. கார்டு கொடுத்த வங்கி, வாடிக்கையாளர் பணம் கட்டும்வரை பல வாரங்கள் வட்டியில்லாமல் காத்திருக்கிறது. அவருக்கு ரிவார்டு பாயிண்டும் கொடுக்கிறது. அவர் கட்டாமல் போனால் வரும் நஷ்டத்தையும் சுமக்கிறது. இதற்கெல்லாம் ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கடையின் விற்பனையிலிருந்து எடுக்கிறது. டெபிட் கார்டில் வாடிக்கையாளரின் சொந்தப் பணமே உடனே கைமாறுவதால் அங்கே கட்டணம் குறைவு.

இந்தியாவில் எந்தக் கார்டுக்கு எவ்வளவு என்பதில் மூன்று நிலைகள் உண்டு. முதலாவது, கட்டணமே இல்லாத நிலை. ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்கும் 2020 ஜனவரி முதல் எம்டிஆர் கிடையாது. இரண்டாவது, ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கும் நிலை. விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டுகள் இதில் வருகின்றன. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய் வரை விற்பனை செய்த கடையிடம் 0.40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. ஒரு பில்லுக்கு எவ்வளவு பெரிய தொகையானாலும் 200 ரூபாயைத் தாண்டக்கூடாது. விற்பனை 20 லட்சத்துக்கு மேல் என்றால் 0.90 சதவீதமும், பில்லுக்கு 1,000 ரூபாயும் உச்சம். அதே 1,500 ரூபாய் சேலையை டெபிட் கார்டில் வாங்கினால் சின்னக் கடைக்கு 6 ரூபாயும், சற்றுப் பெரிய கடைக்கு 13 ரூபாய் 50 காசும்தான் போகும்.

மூன்றாவது நிலை கிரெடிட் கார்டு. இதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. மெஷின் கொடுப்பவரும் கடைக்காரரும் பேசி முடிப்பதே விலை. இரண்டு சதவீதத்தை ஒட்டிய விகிதம் சாதாரணம். கம்பெனிகள் தங்கள் அலுவலர்களுக்குக் கொடுக்கும் கார்டு, வெளிநாட்டில் வாங்கிய கார்டு போன்றவற்றுக்கு அதைவிடக் கூடும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வரும் மாமல்லபுரம் மாதிரி ஊர்க் கடைகளுக்கு இந்த வேறுபாடு முக்கியம். மெஷின் விற்க வருபவர் வாயால் சொல்லும் விகிதம் பெரும்பாலும் சாதாரணக் கார்டுக்கு உரியது. மற்ற கார்டுகளின் விகிதம் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருக்கும்.

இவற்றுக்கு இடையில் புதிதாக ஒன்று நுழைந்திருக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைத்து, கடையின் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தே பணம் கட்டும் வசதி 2022இல் வந்தது. பார்க்க வழக்கமான யுபிஐ மாதிரியே இருக்கும். சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரையிலான பில்லுக்கு இதில் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் கிரெடிட் கார்டுக்கு உரிய கட்டணம் பிடிக்கப்படும். "யுபிஐயில் வந்த பணத்தில் ஏன் குறைகிறது?" என்று குழம்பும் கடைக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஒரு பில் 2,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்தக் கார்டுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. முறையான ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் கடை, இப்படிக் கட்டிய வரியைத் தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அதற்கு இது செலவாகாது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கும், பதிவே இல்லாத கடைக்கும் அந்த வழி இல்லை. அவர்களுக்கு இந்த வரியும் கைக்காசுதான்.

இனி ஒரு கடையின் ஒரு மாதக் கணக்கை எடுத்துப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்காகப் போட்டவை. கணக்கிடும் முறை எந்தக் கடைக்கும் பொருந்தும். நடுத்தர ஊர் ஒன்றில் சேலை, ரவிக்கைத் துணி, மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் துணி விற்கும் கடை. மாத விற்பனை 4 லட்சம், அதாவது ஆண்டுக்கு 48 லட்சம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறது. 100 ரூபாய்க்கு விற்றால் சரக்கின் கொள்முதல் போகச் சராசரியாக 25 ரூபாய் நிற்கிறது. மாதத்தில் 1 லட்சத்து 40 ஆயிரம் ரொக்கமாகவும், 1 லட்சத்து 80 ஆயிரம் யுபிஐயிலும் வருகிறது. மிச்சம் 80 ஆயிரம் கார்டில் வருகிறது.

அந்த 80 ஆயிரத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால் விடை தவறிவிடும். கார்டு வகைப்படி பிரிக்க வேண்டும். மெஷின் கொடுத்த நிறுவனத்தின் செயலியிலோ மின்னஞ்சலிலோ மாதாந்தரக் கணக்கு அறிக்கை கிடைக்கும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பில் தொகை, கார்டு வகை, பிடித்த கட்டணம், அதன் மேல் வரி, கணக்கில் போட்ட தொகை என்று அதில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இந்தக் கடையின் அறிக்கையில் ரூபே டெபிட் 10 ஆயிரம், மற்ற டெபிட் 20 ஆயிரம், கிரெடிட் 50 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்குக் கட்டணம் இல்லை. இரண்டாவதற்கு 0.90 சதவீதப்படி 180 ரூபாய். மூன்றாவதற்கு 1.9 சதவீதப்படி 950 ரூபாய். ஆக 1,130 ரூபாய். இதில் 500 ரூபாய்க் கட்டணம் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட பில்களிலிருந்து வந்தது என்றால், அதற்கு மட்டும் ஜிஎஸ்டி 90 ரூபாய்.

மெஷின் வாடகை இந்த அறிக்கையில் பெரும்பாலும் இருக்காது. அது மாதம் ஒருமுறை கரண்ட் அக்கவுண்டிலிருந்து தனியாகப் பிடிக்கப்படும். கடைக்காரர்கள் கணக்கில் சேர்க்க மறப்பதும் இதைத்தான். இந்தக் கடைக்கு வாடகை 400 ரூபாய், வரியோடு 472 ரூபாய். எல்லாம் சேர்த்தால் மாதச் செலவு 1,692 ரூபாய். கார்டு விற்பனையான 80 ஆயிரத்தில் இது 2.1 சதவீதம். கார்டு விற்பனையில் முப்பதாயிரம் ரூபாய்க்குக் கட்டணமே இல்லை அல்லது சொற்பம் என்ற நிலையிலும், கிரெடிட் கார்டுக்குப் பேசிய 1.9 சதவீதத்தை மொத்தச் செலவு தாண்டிவிட்டது. வாடகை செய்த வேலை அது.

இதே அறிக்கையைப் பார்க்கும்போது சில தவறுகளும் கண்ணில் படக்கூடும். ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் கடையைப் பெரிய கடை வகையில் பதிந்துவிட்டு, டெபிட் கார்டுக்கு 0.90 சதவீதம் பிடிப்பது உண்டு. கட்டணத்தை பில் தொகையால் வகுத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்: 1,000 ரூபாய் டெபிட் பில்லுக்கு 9 ரூபாய் போயிருந்தால் வகைப்பாடு தவறு. விற்பனைச் சான்றைக் கொடுத்து மாற்றக் கேட்கலாம். ரூபே டெபிட் வரிசையில் சுழியம் தவிர வேறு எண் இருந்தால் அதையும் கேட்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு உட்பட்ட பில்லின் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தால் அதையும் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கார்டிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டால், முதலில் பிடித்த கட்டணம் திரும்ப வருகிறதா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். திரும்ப வராத ஒப்பந்தங்களே அதிகம் என்பதால், துணிக்கடை மாதிரி மாற்றிக் கேட்பவர்கள் அதிகம் வரும் இடத்தில் பணத்தைத் திருப்புவதற்குப் பதில் வேறு சரக்கு கொடுப்பது மிச்சம்.

கடையின் தரப்பில் நடக்கும் தவறு ஒன்றும் உண்டு. வங்கியில் வந்த 1,471 ரூபாய் 50 காசையே விற்பனை என்று எழுதி வைப்பது. விற்பனை 1,500 ரூபாய். 28 ரூபாய் 50 காசு செலவு. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் பில் புத்தகத்தின் கூட்டுத்தொகையும் வரிக் கணக்கில் காட்டிய விற்பனையும் ஒத்துப்போகாது. ஆண்டு முடிவில் கார்டுக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டாலும் பதில் இருக்காது.

செலவு 1,692 ரூபாய் என்று தெரிந்த பிறகு, அது பெரிதா சிறிதா என்பது அடுத்த கேள்வி. விற்பனையோடு ஒப்பிட்டால் எப்போதும் சிறிதாகவே தெரியும். ஒப்பிட வேண்டியது லாபத்தோடு. கட்டணம் விற்ற விலை முழுவதன் மேலும் போடப்படுகிறது. கடைக்காரருக்கோ அந்த விலையில் ஒரு பங்குதான் நிற்கிறது. இந்தத் துணிக்கடைக்கு 80 ஆயிரம் கார்டு விற்பனையில் நிற்கும் மொத்த லாபம் 20 ஆயிரம். அதில் 1,692 ரூபாய் என்பது 8.5 சதவீதம். 40 சதவீதம் நிற்கும் ஃபேன்சி ஸ்டோருக்கு இதே செலவு விகிதம் லாபத்தில் 5 சதவீதத்தைத்தான் எடுக்கும். 6 சதவீதம் நிற்கும் மளிகைச் சாமானில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஒரே மெஷின், ஒரே விகிதம் என்றாலும் இரண்டு கடைகளுக்கு இரண்டு வேறு பதில்கள் வருவது இதனால்தான்.

கட்டணத்தை லாப விகிதத்தால் வகுத்தால் வரும் இந்த எண் இரண்டு கேள்விகளுக்கு ஒருசேரப் பதில் சொல்கிறது. கார்டு மெஷின் வைத்திருப்பதே லாபமா என்பது முதல் கேள்வி. 1,692 ரூபாய் செலவை ஈடுகட்ட, 25 சதவீத லாபத்தில் 6,768 ரூபாய்க்குக் கூடுதல் விற்பனை வேண்டும். சராசரி பில் 1,500 ரூபாய் என்றால் ஐந்து பில்கள். அதாவது, கார்டு வாங்காத கடையாக இருந்திருந்தால் மாதத்தில் ஐந்து வியாபாரம் கைநழுவியிருக்கும் என்று கடைக்காரருக்குத் தோன்றினால் மெஷின் தன் செலவைத் தானே சம்பாதித்துவிட்டது. கார்டு இருப்பதால் இரண்டு சேலைக்குப் பதில் மூன்றாக எடுத்தவரின் மூன்றாவது சேலையும் இந்தக் கணக்கில் சேரும். மாறாக, கார்டு கொடுத்த அத்தனை பேரும் மெஷின் இல்லை என்றால் தயங்காமல் யுபிஐயில் கட்டியிருப்பார்கள் என்றால் 1,692 ரூபாயும் சுத்தச் செலவு.

இரண்டாவது கேள்வி, கட்டணத்தை வாடிக்கையாளரிடம் வாங்குவதா என்பது. இதில் வாடகையைச் சேர்க்கக்கூடாது. வாடிக்கையாளர் கார்டைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வாடகை போகத்தான் போகிறது. அந்த நேரத்தில் கூடுவது கிரெடிட் கார்டுக் கட்டணம் மட்டும்தான். கல்லாவில் நடப்பது இப்படி இருக்கும். பில் போட்டு முடித்து, பையும் கையில் கொடுத்தாயிற்று. வாடிக்கையாளர் கார்டை எடுக்கிறார். "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா வரும்க்கா" என்கிறார் கல்லாவில் இருப்பவர். 1,500 ரூபாய் பில்லுக்கு அது 30 ரூபாய். சிலர் கொடுத்துவிடுவார்கள். சிலர் போனை எடுத்து யுபிஐயில் கட்டுவார்கள். சிலர் முகம் மாறி, ஒரு சேலையைத் திருப்பி வைப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய், அடுத்த தீபாவளிக்கு வேறு கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

இந்தக் கடையின் கிரெடிட் கார்டு விற்பனை 50 ஆயிரம். கட்டணம் 950 ரூபாய். கடையே தாங்கிக்கொண்டால் 12,500 ரூபாய் லாபத்தில் 11,550 நிற்கும். வாடிக்கையாளரிடம் வாங்கி, ஒருவர்கூட விலகவில்லை என்றால் 12,500 முழுதாக நிற்கும். ஆனால் 3,800 ரூபாய் வியாபாரம் போய்விட்டால் அதில் இருந்த 950 ரூபாய் லாபமும் போகும். இரண்டும் சமமாகிவிடும். 3,800 ரூபாய் என்பது இரண்டரை பில். மாதத்தில் மூன்றாவது பில் கைநழுவும்போதே, கூடுதல் வாங்கும் கொள்கை கடைக்கு நஷ்டம் தரத் தொடங்கிவிடுகிறது. நூற்றுக்கு எட்டுப் பேர்கூட விலக வேண்டியதில்லை. திரும்ப வராமல் போனவரின் அடுத்த ஆண்டு வியாபாரத்தை இதில் சேர்க்கவே இல்லை. லாபம் 20, 25 சதவீதத்துக்கு மேல் நிற்கும் கடைகள் கட்டணத்தைத் தாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பதற்கு இந்த எண்ணே போதும்.

சட்டமும் ஒப்பந்தமும் இதற்கு மேல் சில தடைகளை வைத்திருக்கின்றன. டெபிட் கார்டில் வரும் பணத்துக்குக் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. தங்களிடம் மெஷின் வாங்கிய கடைகள் அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்ள வங்கிகளுக்கு உத்தரவே இருக்கிறது. கிரெடிட் கார்டுக்கும் கூடுதல் பணம் வாங்கக்கூடாது என்ற விதி கடைக்காரர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தங்கள் பலவற்றில் உண்டு. வாடிக்கையாளர் தன் வங்கியிடம் புகார் செய்தால் அது மெஷின் கொடுத்த வங்கிக்கு வரும். பலமுறை வந்தால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவர்களால் முடியும்.

பாக்கெட்டில் அடைத்து எம்ஆர்பி அச்சிட்ட சரக்கில் தடை இன்னும் கடுமையானது. அச்சிட்ட விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் எந்தப் பெயரில் ஒரு ரூபாய் வாங்கினாலும் அது எம்ஆர்பிக்கு மேல் விற்றதுதான். எடையளவுச் சட்டப்படி அது குற்றம். ஆகவே மருந்துக் கடையோ மளிகைக் கடையோ முழு எம்ஆர்பிக்கு விற்கும் பொருளின் மேல் கார்டுக் கட்டணம் சேர்க்க வழியே இல்லை.

கூடுதல் வாங்கும் கடைகளில் இன்னொரு சிக்கலும் வருகிறது. பில் 5,000 ரூபாய்க்கு இருக்கும், கார்டுச் சீட்டு 5,100 ரூபாய்க்கு இருக்கும். நூறு ரூபாய்க்குக் கணக்கு எங்கே என்று பின்னால் கேட்டால் சொல்வது கடினம். ஜிஎஸ்டி சட்டத்தில், விற்பனையோடு சேர்த்து வாங்கும் எந்தக் கூடுதல் தொகையும் விற்பனை மதிப்பில் சேரும். அதற்கும் வரி உண்டு. பில்லில் காட்டாமல் வாங்கிய நூறு ரூபாய் கணக்கில் வராத விற்பனையாகிவிடும்.

தாங்கிக்கொள்வது என்றால் லாபத்திலிருந்து கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. விலையைத் தானே வைக்கும் கடைக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இந்தத் துணிக்கடையின் மொத்தச் செலவு 1,692 ரூபாயை 4 லட்சம் ரூபாய் விற்பனை முழுவதிலும் பரப்பினால் 100 ரூபாய்க்கு 42 காசு. 500 ரூபாய் ரவிக்கைத் துணிக்கு இரண்டு ரூபாய் சொச்சம். மின்கட்டணத்தையும் கடை வாடகையையும் விலைக்குள் அடக்குவதைப் போலவே இதையும் அடக்கிவிடலாம். ரொக்கம் கொடுப்பவர் கார்டுக்காரரின் செலவைச் சுமப்பது நியாயமா என்று கேட்கலாம். ரொக்கத்துக்கும் செலவு இருக்கிறது: சில்லறை தேடுவது, எண்ணுவது, கள்ள நோட்டு மாட்டுவது, வங்கியில் இலவச வரம்பைத் தாண்டிக் கட்டினால் பிடிக்கும் கட்டணம். அதையும் எல்லாருமாகத்தான் சுமக்கிறார்கள்.

அதோடு, கட்டணம் இல்லாத வழிக்கு வாடிக்கையாளரை மெதுவாகத் திருப்பலாம். க்யூஆர் அட்டையைக் கல்லாவின் முன்னால் நிறுத்தி, மெஷினை உள்ளே வைப்பதாலேயே ஒரு பகுதி மாறிவிடும். "ஜிபே இருந்தா அதுல போடுங்கக்கா" என்பதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது. 50 ஆயிரம் கிரெடிட் விற்பனையில் 15 ஆயிரம் இப்படி மாறினால் மாதம் 285 ரூபாய் மிச்சம். யாரையும் இழக்காமல் மிஞ்சும் காசு இது. "200 ரூபாய்க்குக் கீழே கார்டு இல்லை" என்று எழுதி ஒட்டுவதில் அப்படிப்பட்ட மிச்சம் இல்லை. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் நிலையான தொகை பிடிக்கும் ஒப்பந்தத்தில்தான் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பொருள் உண்டு. சதவீதம் மட்டும் பிடிக்கும் மெஷினில் 150 ரூபாய் பில்லுக்கு 2 ரூபாய் 85 காசுதான் போகும். சின்ன பில்லும் பெரிய பில்லும் லாபத்தில் ஒரே பங்கைத்தான் இழக்கின்றன.

லாபம் மெல்லிசாக இருக்கும் வியாபாரத்தில் பதில் மாறிவிடும். செல்போன் கடையில் 15,000 ரூபாய் போனில் 4 சதவீதம், அதாவது 600 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் கார்டுக்கு 285 ரூபாய் போனால் லாபத்தில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. கட்டணத்தை வாடிக்கையாளரிடம் வாங்கினால், நூற்றுக்கு நாற்பத்தேழு பேருக்கு மேல் விலகினால்தான் கடைக்கு நஷ்டம். இங்கே தாங்கிக்கொள்வது தாராளம் ஆகாது, கடையைக் கரைத்துவிடும்.

ஆனால் அதற்கும் கல்லாவில் வைத்துக் கூடுதல் கேட்பது நல்ல முறையல்ல. போன் பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி பெரும்பாலும் கடை விற்கும் விலையைவிட மேலே இருக்கும். அந்த இடைவெளிக்குள், தள்ளுபடியின் அளவை மாற்றிக்கொள்ளலாம். எம்ஆர்பி 16,999 ரூபாய். கடையின் விலை 15,350. யுபிஐ, ரொக்கம், டெபிட் கார்டு என்றால் மேலும் 350 ரூபாய் தள்ளுபடி. இப்படிச் சொன்னால் யாரிடமும் கூடுதல் வாங்கவில்லை. கட்டணம் குறைந்த வழியில் கட்டுபவருக்கு விலை குறைகிறது, அவ்வளவுதான். டெபிட் கார்டுக்காரருக்கும் அதே தள்ளுபடி கொடுப்பதால் ரிசர்வ் வங்கியின் தடையும் மீறப்படவில்லை. இதைப் பொருள் எடுக்கும்போதே, விலை பேசும்போதே சொல்ல வேண்டும். பில் போட்ட பிறகு சொன்னால் அதுவும் கூடுதல் கேட்டதாகவே படும். தள்ளுபடிக்கும் தடை இருக்கிறதா என்று ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

வித்தியாசம் ஏன் 300 இல்லை, 350 என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 15,000 ரூபாய்க்கு இரண்டு சதவீதம் 300 ரூபாய். கட்டணம் 1.9 சதவீதம் என்பதால் அது தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் முறையான ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் கடைக்கு அந்த 300 ரூபாயும் வரி அடக்கிய விலை. 18 சதவீத வரியை எடுத்துவிட்டால் 254 ரூபாய்தான் கடைக்கு. கட்டணமோ கூடிய விலையான 15,300 ரூபாய்க்குப் பிடிக்கப்படும். அது 290 ரூபாய் 70 காசு. இரண்டு சதவீதம் வாங்கியும் 36 ரூபாய் குறைகிறது. 350 ரூபாய் வைத்தால் வரி போக 296 ரூபாய் 60 காசு வரும், கட்டணம் 291 ரூபாய் 65 காசு ஆகும். சரியாக ஈடாகிறது.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கடைகளும் உண்டு. மளிகையில் அரிசி, எண்ணெய், சர்க்கரை போன்றவற்றில் லாபம் மிகக் குறைவு. பிஸ்கட், சோப்பு, தின்பண்டங்களில் சற்றுக் கூடுதல். பில்லில் எல்லாம் கலந்தே வரும். அங்கே கடையின் சராசரியை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அந்தச் சராசரி 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் கிரெடிட் கார்டைத் தவிர்த்து, டெபிட் கார்டையும் யுபிஐயையும் மட்டும் ஏற்பது பற்றி மெஷின் கொடுத்தவரிடம் பேசிப் பார்க்கலாம். அல்லது மாத மளிகை வாங்கும் பெரிய பில்களுக்கு மட்டும், எம்ஆர்பிக்குக் கீழே கொடுக்கும் தள்ளுபடியைக் கட்டும் வழிக்கேற்ப வைக்கலாம்.

கடைசியாக வாடகையைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். துணிக்கடையின் 472 ரூபாய் வாடகை 80 ஆயிரம் ரூபாய் கார்டு விற்பனையில் 0.6 சதவீதம்தான். கார்டு விற்பனை மாதம் 10 ஆயிரமாகக் குறைந்துவிட்டால் அதே வாடகை 4.7 சதவீதம் ஆகிவிடும். எம்டிஆரை எவ்வளவு பேசிக் குறைத்தாலும் அந்த ஓட்டை அடைபடாது. யுபிஐ பரவிய பின் பல சிறு கடைகளின் நிலை இதுதான்: மெஷின் மூலையில் கிடக்கிறது, வாடகை மட்டும் மாதாமாதம் போகிறது. சில ஒப்பந்தங்களில் குறைந்தபட்சத் தொகைக்குத் தேய்க்கவில்லை என்றால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆறு மாத அறிக்கைகளை எடுத்து, கார்டில் வந்த தொகையையும் பிடித்த மொத்தப் பணத்தையும் கூட்டி வகுத்தால் உண்மையான விகிதம் தெரியும். அது லாப விகிதத்தில் பாதியை நெருங்கினால், வாடகை இல்லாத திட்டத்துக்கு மாற்றச் சொல்லலாம், அல்லது கடைக்காரரின் போனிலேயே கார்டைத் தொட்டுக் கட்டும் வசதியைக் கேட்கலாம். இரண்டும் கிடைக்காவிட்டால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். திருப்பும்போது எழுத்தில் ஒப்புகை வாங்கி, அடுத்த இரண்டு மாத வங்கி அறிக்கையில் வாடகை நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.